180 லட்சத்தையும் சொத்தாக ஏற்றலாமா? ஜூலை 10-ஆம் தேதிதான் பதில்

கேள்வி: "எங்கள் கம்பெனி சரக்கு வண்டிகளுக்குப் பாதை போட்டுக் கொடுக்கும் மென்பொருள் ஒன்றை ஜனவரியில் ஆரம்பித்து டிசம்பரில் வெளியிட்டது. சர்வதேசக் கணக்கியல் தரநிலையான ஐஏஎஸ் 38-ஐப் பின்பற்றுகிறோம். இந்த ஆண்டு இதற்கு ஆன செலவு 180 லட்சம். ஜூன் வரை எல்லாவற்றையும் செலவாகவே எழுதி அரையாண்டுக் கணக்கையும் வெளியிட்டுவிட்டோம். இப்போது விற்பனை தொடங்கியதும் நிர்வாக இயக்குநர், 'நாம் உருவாக்கிய சொத்துதானே, மொத்தத்தையும் ஏற்று' என்கிறார். தணிக்கையாளரோ 'எந்தத் தேதியில் இருந்து?' என்று கேட்கிறார். எங்கள் டீம் இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரின்ட் என்று ஓடுவது. ஆராய்ச்சி எங்கே முடிந்தது, உருவாக்கம் எங்கே தொடங்கியது என்று கோடு போடவே முடியவில்லை. செலவுப் பட்டியலையும் கூட்டக் குறிப்புகளையும் இணைத்திருக்கிறேன். என்ன செய்வது?"

வணக்கம். முதலில் ஓர் அவசர வேண்டுகோள். "கோடு போடவே முடியவில்லை" என்று எனக்கு எழுதினீர்களே, அதைத் தணிக்கையாளருக்கும் எழுதியிருந்தால் உடனே திருத்தி இன்னொரு கடிதம் அனுப்புங்கள். ஐஏஎஸ் 38-இன் 53-ஆம் பத்தி இந்த நிலைமைக்கென்றே எழுதப்பட்டது. ஒரு திட்டத்தில் ஆராய்ச்சிக் கட்டத்தையும் உருவாக்கக் கட்டத்தையும் பிரித்துக் காட்ட முடியாவிட்டால், அத்தனை செலவையும் ஆராய்ச்சியில் ஆனதாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அதாவது மொத்த 180-ம் லாப நட்டக் கணக்குக்குப் போய்விடும். நீங்கள் அனுப்பிய காகிதங்களைப் பார்த்தால் உங்கள் நிலைமை அப்படி இல்லை. கோடு இருக்கிறது, நீங்கள் வேறு இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

நானும் பயிற்சிக் காலத்தில் அதே இடத்தில்தான் தேடினேன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரும்பாலோர் மனதில் இருப்பது இரண்டு பெட்டிகள்: ஆராய்ச்சி என்றால் செலவு, உருவாக்கம் என்றால் சொத்து. ஆனால் தரநிலையைப் பொறுமையாகப் படித்தால் பெட்டிகள் மூன்று. ஆராய்ச்சி ஒன்று, அது எப்போதும் செலவுதான், விதிவிலக்கே கிடையாது. உருவாக்கம் தொடங்கிவிட்டது, ஆனால் 57-ஆம் பத்தி கேட்கும் ஆறு விஷயங்களும் இன்னும் கூடி வரவில்லை என்பது இரண்டாவது, அதுவும் செலவுதான். ஆறும் கூடி வந்த நாளுக்குப் பிறகு நடக்கும் உருவாக்கம் மூன்றாவது. அது மட்டும்தான் சொத்து. ஆகவே ஆராய்ச்சி எந்த நாளில் முடிந்தது என்று டீமைக் குடைந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆறில் கடைசியாக நிறைவேறியது எது, அது எந்தத் தேதியில் நிறைவேறியது, அந்தத் தேதியில் எழுதப்பட்ட காகிதம் எங்கே, இவ்வளவுதான் கேள்வி. தணிக்கையாளர் தேதி கேட்டதும் இதற்காகத்தான்.

அந்த ஆறையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இதை முடிக்கத் தொழில்நுட்ப ரீதியாக முடியும் என்று காட்ட வேண்டும். முடித்துப் பயன்படுத்தவோ விற்கவோ உத்தேசம் இருக்க வேண்டும். அப்படிப் பயன்படுத்தவோ விற்கவோ திறனும் வேண்டும். இதிலிருந்து வருங்காலத்தில் பணம் எப்படி வரும் என்று காட்ட வேண்டும். விற்கும் பொருள் என்றால் சந்தை இருப்பதற்கு ஆதாரம், உள்ளுக்குள் பயன்படுத்துவது என்றால் அதன் பயனுக்கு ஆதாரம். முடிக்கத் தேவையான ஆளும் பணமும் கைவசம் இருக்க வேண்டும். செலவை நம்பகமாக அளக்கவும் முடிய வேண்டும். உத்தேசமும் திறனும் உங்களுக்கு முதல் நாளில் இருந்தே இருந்தன, அவற்றில் நேரம் செலவழிக்க வேண்டாம். இழுபறி தொழில்நுட்பத்திலும் பணத்திலும்தான்.

உங்கள் காகிதங்களை வைத்தே வருஷத்தை ஓட்டிப் பார்ப்போம்.

ஜனவரியில் இருந்து மார்ச் வரை டீம் செய்தது, வண்டி எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கணிக்க மூன்று வழிகளை ஒப்பிட்டுப் பார்த்தது. செலவு 36 லட்சம். மாற்று வழிகளைத் தேடுவது, மதிப்பிடுவது, இறுதியாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பது ஆகிய மூன்றையும் 56-ஆம் பத்தி ஆராய்ச்சிக்கு உதாரணமாகவே தருகிறது. "இறுதித் தேர்வு வரை ஆராய்ச்சி" என்பதைக் கவனியுங்கள். தேர்வு செய்யும் கூட்டம் நடந்த நாளும் ஆராய்ச்சியில்தான் சேரும். இந்த 36-இல் பேச ஒன்றுமில்லை.

ஏப்ரல் தொடங்கி ஜூன் 17 வரை ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு புரோட்டோடைப் கட்டினார்கள். செலவு 30 லட்சம். உங்கள் நிர்வாக இயக்குநர் வாதாடப் போவது இங்கேதான், அவர் கையில் ஒரு நியாயமும் இருக்கிறது. உற்பத்திக்கு முந்தைய மாதிரிகளை வடிவமைப்பதும் கட்டுவதும் சோதிப்பதும் உருவாக்கத்துக்கு உதாரணம் என்று 59-ஆம் பத்தியே சொல்கிறது. சரி, உருவாக்கம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இது இரண்டாவது பெட்டிதான். காரணம் உங்கள் டீமின் சொந்த அறிக்கையில் இருக்கிறது. மே மாத லோட் டெஸ்டில் 50 வண்டிகளுக்குப் பாதை நொடியில் வந்திருக்கிறது. 500 வண்டிகளுக்கு 40 நொடி ஆகியிருக்கிறது. வாடிக்கையாளருக்குச் சொல்ல நினைத்ததோ 10 நொடிக்குள். அந்த அறிக்கையின் கடைசி வரியில் உங்கள் தலைமைப் பொறியாளர், "இந்த அமைப்பில் இது சாத்தியமா என்று இன்னும் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறார். நேர்மையான மனிதர். அந்த ஒரு வரி இருக்கும்வரை ஜூன் 17-க்கு முந்தைய ஒரு காசைக்கூடச் சொத்தாக ஏற்ற முடியாது.

"எங்களுக்கு ஏப்ரலிலேயே நம்பிக்கை இருந்தது" என்று நிர்வாக இயக்குநர் சொல்லலாம், இருந்தும் இருக்கலாம். ஆனால் தரநிலை காட்டச் சொல்வது சாத்தியத்தை. மென்பொருளில் இதைப் பலர் மேலோட்டமாக எடுத்துக்கொள்கிறார்கள்: ஸ்க்ரீன் வந்துவிட்டது, பட்டன் அழுத்தினால் ஏதோ நடக்கிறது, ஆகவே சாத்தியம் என்று. நான் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பொருளில் "இது நடக்குமா" என்று உங்கள் ஆட்களே பயந்த விஷயம் எது? உங்களுக்கு அது வேகம். இன்னொருவருக்கு அது கணிப்பின் துல்லியமாக இருக்கலாம், பழைய கருவியோடு இணைப்பதாக இருக்கலாம். அந்தப் பயம் எந்தச் சோதனையில் தீர்ந்தது என்பதுதான் தொழில்நுட்பச் சாத்தியத்தின் தேதி. லாகின் பக்கமும் அறிக்கைப் பக்கமும் எப்போது வேலை செய்தன என்பது இதில் சேராது, ஏனென்றால் அவை வேலை செய்யும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததே இல்லை.

ஜூன் 18 அன்று அந்தப் பயம் தீர்ந்தது. 500 வண்டிகளுக்கு 6 நொடி, அறிக்கையில் தேதியும் பொறியாளரின் ஒப்புதலும் இருக்கின்றன. அப்படியானால் ஜூன் 18-இல் இருந்து சொத்தா? இல்லை. அன்றைக்குப் பணம் இல்லை. ஜூன் கூட்டக் குறிப்பில் உங்கள் இயக்குநர் குழு, "வெளியீடு வரையிலான நிதியை அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கலாம்" என்று தள்ளி வைத்திருக்கிறது. முடிக்கப் பணம் ஒதுக்கப்படாத திட்டத்துக்கு, முடிக்கத் தேவையான வளம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஜூலை 2 அன்று இரண்டு வாடிக்கையாளர்கள் வாங்குவதாக உத்தேசக் கடிதம் கொடுத்தார்கள்; சந்தை இருக்கிறது என்பதற்கு அது நல்ல ஆதாரம். ஜூலை 10 கூட்டத்தில்தான் வெளியீடு வரைக்கும் 90 லட்சம் என்று பட்ஜெட் ஒப்புதலானது, அந்தப் பணம் வங்கிக் கணக்கில் இருப்பதும் அதே குறிப்பில் பதிவாகியிருக்கிறது. ஆறில் கடைசியாக வந்து சேர்ந்தது இதுதான். உங்கள் தேதி ஜூலை 10. ஜூன் 18 தொடங்கி ஜூலை 9 வரை ஆன 12 லட்சமும் செலவு. அதை எழுதும்போது வயிறு எரியும், தெரியும், ஏனென்றால் அந்த மூன்று வாரமும் டீம் செய்தது அச்சு அசலாக உருவாக்க வேலை.

ஆக, ஜூலை 9 வரை 36, 30, 12 சேர்ந்து 78 லட்சம் செலவு. இதில் உங்களுக்கு ஒரு நிம்மதியும் இருக்கிறது: அரையாண்டுக் கணக்கில் நீங்கள் செய்தது சரி, அதைத் தொட வேண்டாம்.

இப்போது நிர்வாக இயக்குநரின் கேள்விக்கு நேராக வருகிறேன், "பொருள் வெற்றி பெற்றுவிட்டதே, பழையதைத் திரும்ப எடுத்தால் என்ன?" எடுக்க முடியாது. ஒருமுறை சரியாகச் செலவு என்று எழுதியதைப் பின்னாளில் சொத்தின் அடக்கவிலையில் சேர்க்கக் கூடாது என்று 71-ஆம் பத்தி நேரடியாகவே தடுக்கிறது. சொத்தின் அடக்கவிலை என்பதே நிபந்தனைகள் முதன்முதலாக நிறைவேறிய தேதிக்குப் பிறகு ஆன செலவுகளின் கூட்டுத்தொகைதான் என்று 65-ஆம் பத்தி சொல்கிறது. இடைக்காலக் கணக்குக்கான ஐஏஎஸ் 34 இன்னும் ஒரு படி மேலே போகிறது: வருஷ முடிவுக்குள் நிபந்தனைகள் நிறைவேறிவிடும் என்ற நம்பிக்கையில் அரையாண்டில் செலவைச் சொத்தாகத் தள்ளிப்போடுவதும் கூடாது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அவர் தரப்பு ஆலோசகர் யாராவது அதைப் பிடித்துக்கொண்டு வரலாம் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். ஆறு நிபந்தனைகளும் மார்ச்சிலேயே நிறைவேறியிருந்து, ஆதாரமும் அப்போதே இருந்து, நீங்கள் கவனிக்காமல் செலவு என்று எழுதியிருந்தால், அது பிழை. பிழையைத் திருத்தும் வழி ஐஏஎஸ் 8-இல் இருக்கிறது. ஏனென்றால் நிபந்தனைகள் நிறைவேறிய பிறகு சொத்தாகக் காட்டுவது உங்கள் விருப்பம் இல்லை, கட்டாயம். "நாங்கள் எச்சரிக்கையானவர்கள், எல்லாவற்றையும் செலவாகவே எழுதிவிடுகிறோம்" என்பதும் ஐஏஎஸ் 38-இல் தவறுதான். ஆனால் பிழை என்று சொல்ல வேண்டுமானால் அன்றைய தேதியிட்ட ஆதாரம் வேண்டும், பிறகு தெரியவந்ததை வைத்து அன்றைக்கே தெரியும் என்று சொல்லக் கூடாது. உங்கள் மே மாத லோட் டெஸ்ட் அறிக்கை அந்த வாசலை மூடிவிடுகிறது. யாராவது "ஒரு குறிப்பை ஏப்ரல் தேதி போட்டு எழுதிவிடலாமே" என்று சொன்னால், தயவுசெய்து அந்த அறையை விட்டு எழுந்து வாருங்கள். தேதியை மாற்றி எழுதிய குறிப்பு கணக்கியல் கருத்து வேறுபாடு அல்ல, மோசடி. கையெழுத்து உங்களுடையதாக இருக்கும்.

ஜூலை 10 முதல் நவம்பர் 30 வரை உங்கள் பட்டியலில் 88 லட்சம் இருக்கிறது. இதை அப்படியே ஏற்றிவிடலாமா என்றால், அதுவும் இல்லை. மூன்றாவது பெட்டிக்குள் வந்த பிறகும் ஒவ்வொரு செலவும் இந்தப் பொருளை உருவாக்க நேரடியாகத் தேவைப்பட்டதா என்று பார்க்க வேண்டும். டெவலப்பர்கள், டெஸ்டர்கள், வடிவமைப்பாளர் ஆகியோரின் சம்பளமும் அதோடு சேர்ந்த நிறுவனப் பங்களிப்புகளும், இந்தத் திட்டத்தில் வேலை செய்த மணி நேரத்துக்கு, 52 லட்சம். வெளியாள் செய்த பாதுகாப்புச் சோதனை 6. சோதனைக்கென்றே ஓடிய கிளவுட் சர்வர் 5. இந்த 63 லட்சம் சொத்து.

மீதி 25-இல் சில எளிதானவை. அறிமுக விளம்பரமும் டெமோக்களும் 7 லட்சம், அது விற்பனைச் செலவு. வாடிக்கையாளர் சேவை ஆட்களுக்குப் பயிற்சி 4 லட்சம். பயிற்சியைச் சேர்க்கக் கூடாது என்று 67-ஆம் பத்தி பெயர் சொல்லியே விலக்குகிறது. அலுவலக வாடகை, நிதித் துறை, மனிதவளத் துறையின் பங்கு என்று நீங்கள் பிரித்துப் போட்ட 5 லட்சம் பொது நிர்வாகம். இந்தத் திட்டம் இல்லாவிட்டாலும் அந்த வாடகையைக் கட்டியிருப்பீர்கள்.

மற்ற இரண்டு வரிகளில்தான் யோசனை வேண்டும். ஆகஸ்டில் வரைபடப் பகுதியை ஒரு மாதம் எழுதி, தேவையைத் தவறாகப் புரிந்துகொண்டது தெரிந்து, மொத்தத்தையும் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறார்கள். எறிந்த பகுதிக்கு ஆனது 6 லட்சம். அடையாளம் காணக்கூடிய திறனின்மையால் ஆன செலவைச் சேர்க்கக் கூடாது என்பதும் அதே 67-ஆம் பத்திதான், ஆகவே இது செலவு. இதைப் படித்துவிட்டு ஒவ்வொரு பிழைத்திருத்தத்தையும் பிரித்தெடுக்க உட்கார்ந்துவிடாதீர்கள். எழுதுவது, சோதிப்பது, தவறு கண்டு திருத்துவது எல்லாம் மென்பொருள் உருவாக்கத்தின் வழக்கமான நடை, அது அடக்கவிலைக்குள் வரும். முழுசாகக் கைவிட்டது, யார் பார்த்தாலும் வீண் என்று சொல்லக்கூடியது, அது மட்டும் வெளியே. எங்கே நிறுத்துவது என்பது அனுபவத்தில் எடுக்கும் முடிவு. நான் வைத்திருக்கும் அளவுகோல், அந்த வேலையில் எழுதிய நிரல் ஏதாவது ஒரு வடிவத்தில் வெளியீட்டில் மிஞ்சியிருக்கிறதா என்பதுதான்.

இன்னொன்று செப்டம்பரில் ஒரு முழு ஸ்பிரின்ட். மழைத் தகவலை வைத்துத் தாமதத்தைக் கணிக்க முடியுமா என்று பார்த்திருக்கிறார்கள், 3 லட்சம் ஆகியிருக்கிறது, முடிவில் "இப்போதைக்கு வேண்டாம்" என்று மூடியிருக்கிறார்கள். ஜூலை 10-க்குப் பிறகு நடந்தது என்பதால் இது உருவாக்கமாகிவிடாது. ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாகப் பதியும் டிக்கெட்டில் உங்கள் டீமே இதற்கு ஸ்பைக் என்று பெயர் போட்டிருக்கிறது. ஸ்பைக் என்றாலே தெரியாததைத் தேடிப் பார்ப்பதுதானே. செலவு. ஒருவேளை அது பலித்து, அடுத்த ஸ்பிரின்டில் அதை உண்மையாகவே கட்டியிருந்தால், கட்டிய செலவு சொத்துக்குப் போயிருக்கும், தேடிய இந்த 3 லட்சம் அப்போதும் செலவுதான்.

இங்கேதான் உங்கள் ஸ்பிரின்ட் கவலைக்கும் விடை இருக்கிறது. கட்டங்கள் வரிசையாக வர வேண்டும் என்று தரநிலை எங்கும் கேட்கவில்லை. ஒரே டீம், ஒரே வாரத்தில், திங்கட்கிழமை ஆராய்ச்சியும் செவ்வாய்க்கிழமை உருவாக்கமும் புதன்கிழமை பராமரிப்பும் செய்யலாம். உங்களுக்குத் தேவை டிக்கெட் அளவில் ஓர் அடையாளம்: இது ஸ்பைக்கா, புதிய வசதியா, ஓடிக்கொண்டிருப்பதில் பிழைத்திருத்தமா, ஆதரவு வேலையா என்று டிக்கெட்டைத் திறக்கும்போதே குறிக்க வேண்டும், மணிக்கணக்கு அந்த டிக்கெட்டின் மேல் ஏற வேண்டும். குறிப்பவர் நிதித் துறையில் இருக்கக் கூடாது, வேலையைத் தெரிந்த டீம் தலைவர் குறிக்க வேண்டும். மாதம் ஒருமுறை நீங்கள் பத்து டிக்கெட்டை எடுத்து அவரோடு உட்கார்ந்து சரிபார்த்தால் போதும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்பு நான் தணிக்கைக்குப் போன ஒரு கம்பெனியில் டெவலப்பர் சம்பளத்தில் 70 சதவீதம் சொத்து என்று ஒரு நிலையான விகிதம் வைத்திருந்தார்கள். எங்கிருந்து வந்தது 70 என்று கேட்டால், போன நிதி அதிகாரி காலத்தில் இருந்தே அப்படித்தான் என்றார்கள். டிக்கெட் பட்டியலை எடுத்துக் கேட்டு, ஒரு காலாண்டை வரி வரியாகப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஏற்கெனவே வாடிக்கையாளரிடம் ஓடிக்கொண்டிருந்த பொருளின் பிழைத்திருத்தங்கள். "பில் அச்சாகும்போது கடைசி வரி வெட்டுப்படுகிறது" என்ற ஒரு டிக்கெட் மூன்று மாதத்தில் நான்கு முறை திறந்து மூடப்பட்டிருந்தது, நான்கு முறையும் அந்த மணி நேரத்தில் 70 சதவீதம் இருப்புநிலைக் குறிப்பில் போய் உட்கார்ந்திருந்தது. முந்தைய ஆண்டின் எண்களையும் சேர்த்துத் திருத்தி வெளியிட வேண்டியதாயிற்று. நிலையான விகிதமே கூடாது என்பதில்லை, ஆனால் அது உண்மையான மணிக்கணக்கில் இருந்து வந்ததாக இருக்க வேண்டும், அவ்வப்போது மறுபடி அளந்து பார்க்கவும் வேண்டும்.

டிசம்பருக்கு வருவோம். வெளியீட்டுக்கான இறுதி வடிவத்துக்கு டிசம்பர் 1 அன்று ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்கள். முதல் வாடிக்கையாளர் பயன்படுத்தத் தொடங்கியது 20-ஆம் தேதி என்றாலும், பொருள் பயன்பாட்டுக்குத் தயாரான நாள் 1-ஆம் தேதிதான். சொத்தில் சேர்ப்பது அன்றோடு நிற்கும், அந்தத் தொகையை ஆயுட்காலம் முழுக்கப் பிரித்துச் செலவாக எழுதும் அமார்டைசேஷன் அன்றே தொடங்கும். டிசம்பரின் 14 லட்சம் முழுதும் பிழைத்திருத்தமும் சர்வர் வாடகையும் சிறு மாற்றங்களும், ஆகவே செலவு. இனிமேல் வரும் மேம்பாடுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் போகும், ஏனென்றால் அவை இருக்கும் பயனைத் தக்கவைப்பவையே தவிரப் புதிய பயனைச் சேர்ப்பவை அல்ல. உண்மையிலேயே பெரிய புதிய பகுதி ஒன்றைக் கட்டினால், அதற்குத் தனியாக ஆறு கேள்விகளையும் மறுபடி கேளுங்கள், தனித் தேதி வரும். அது ஆண்டு இறுதியில் பாதியில் நின்றால், இன்னும் தயாராகாத புலனாகாச் சொத்து என்பதால் ஐஏஎஸ் 36-இன்படி வருஷத்துக்கு ஒருமுறை மதிப்பிழப்புச் சோதனை கட்டாயம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆயுள் எத்தனை வருஷம் என்று உங்கள் பட்டியலில் 10 என்று யாரோ பென்சிலில் எழுதியிருக்கிறார்கள். வேண்டாம். மென்பொருள் சீக்கிரம் பழசாகும், அதனால் அதன் ஆயுள் குறுகியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தரநிலையே சொல்கிறது. உங்கள் முந்தைய பொருளை மூன்றே வருஷத்தில் முழுசாக மாற்றி எழுதினீர்கள் என்று கடிதத்தோடு வந்த குறிப்பில் இருக்கிறது. அதைவிட நல்ல ஆதாரம் உங்களுக்குக் கிடைக்காது. மூன்று வருஷம் என்றால் 63 லட்சத்தை 36 மாதத்தால் வகுக்க மாதம் 1.75 லட்சம்.

இப்போது கணக்கு நேராகிறது. 180 லட்சத்தில் ஜூலை 9 வரை 78, அதன் பிறகு சேர்க்க முடியாத 25, டிசம்பரில் 14, ஆக 117 லட்சம் செலவு. அதோடு டிசம்பர் மாத அமார்டைசேஷன் 1.75. இந்த ஆண்டின் லாப நட்டக் கணக்குக்கு மொத்தம் 118.75 லட்சம், இருப்புநிலைக் குறிப்பில் புலனாகாச் சொத்து 61.25 லட்சம். பணப்பாய்வு அறிக்கையில் அந்த 63 லட்சம் மட்டும் முதலீட்டு நடவடிக்கைகளில் போகும், சொத்தாக ஏற்கப்பட்டதற்கு ஆன பணத்தை மட்டுமே அங்கே காட்டலாம் என்பதால். மற்றதெல்லாம் செயல்பாட்டு நடவடிக்கைகளில். செலவாக எழுதிய ஆராய்ச்சி, உருவாக்கச் செலவின் கூட்டுத்தொகையைக் குறிப்புகளில் தனியாக வெளியிடவும் வேண்டும். அந்தத் தொகையில் விளம்பரம், பயிற்சி, டிசம்பர் ஆதரவு வேலை போன்றவற்றைக் கலந்துவிடாதீர்கள்.

நிர்வாக இயக்குநரிடம் பேசும்போது இன்னொரு எண்ணையும் கொண்டு போங்கள். அவர் கேட்பது போல 180-ஐயும் ஏற்றினால் இந்த ஆண்டு லாபம் நன்றாகத் தெரியும், ஆனால் அடுத்த மூன்று வருஷமும் வருஷத்துக்கு ஏறக்குறைய 60 லட்சம் அமார்டைசேஷன் வந்து விழும். 63 மட்டும் என்றால் 21. விற்பனை எதிர்பார்த்த அளவு வரவில்லை என்றால் அந்தப் பெரிய தொகையை மதிப்பிழப்பு என்று ஒரே ஆண்டில் எழுதித் தள்ள வேண்டி வரும், அது எல்லார் கண்ணிலும் படும். விதியைச் சொல்லி ஜெயிக்க முடியாத அறையில் இந்த எண் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

அவர் அமெரிக்கக் கம்பெனிகளின் அறிக்கையை எடுத்துக் காட்டினால் குழம்ப வேண்டாம். அங்கே விற்பனைக்கான மென்பொருளுக்கும் உள்ளுக்குள் பயன்படுத்தும் மென்பொருளுக்கும் தனித்தனி விதிகள் இருக்கின்றன, சோதனைகளும் வேறு. உங்கள் கணக்கு ஐஏஎஸ் 38-இல் இருக்கும்போது அந்த உதாரணங்கள் உங்களுக்கு எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது.

தணிக்கையாளருக்கு ஒரே ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதுங்கள், இன்றைய தேதி போட்டு. ஆறு நிபந்தனைகளுக்கும் எதிரே எந்தத் தேதி, எந்தக் காகிதம் என்று எழுதி, மே, ஜூன் லோட் டெஸ்ட் அறிக்கைகள் இரண்டையும் சேர்த்தே இணையுங்கள். தோற்ற சோதனையை மறைத்து ஜெயித்த சோதனையை மட்டும் கொடுத்தால் அவர் இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் ஜூலை 10-ஐயும் நம்ப மாட்டார். உத்தேசக் கடிதங்கள், ஜூலை 10 கூட்டக் குறிப்பு, வங்கி இருப்பு, டிக்கெட் மணிக்கணக்கைச் சம்பளப் பதிவேட்டோடு ஒப்பிட்ட பட்டியல் இவ்வளவும் போதும். அந்த ஒப்பீட்டில் ஆகஸ்டு மாதத்துக்கு மட்டும் இரண்டு டெவலப்பர்களின் மணி நேரம் சம்பள நாட்களைவிட அதிகமாக இருக்கிறது, 4-ஆவது தாளில் பாருங்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டு முறை பதிவு செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அப்படித்தான் என்றால் 52 லட்சம் கொஞ்சம் குறையும். அதை முதலில் சரிபார்த்துவிட்டு, பிறகு குறிப்பை அனுப்புங்கள்.